பிள்ளை விமானம் ஏறுமுன் பாலிசியில் படிக்க வேண்டியவை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பொதுக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



செப்டம்பர் சேர்க்கைக்கு வெளிநாடு போகும் பிள்ளைகள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். விசா, வங்கிக் கடன், பல்கலைக்கழகக் கடிதம் எல்லாவற்றையும் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். ஆனால் மாணவர் பயண இன்சூரன்ஸ் பாலிசியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் அப்படியே கிடக்கும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி அனுப்புகிற பிள்ளைக்கு, அங்கே ஒரு ஆபரேஷன் என்றால் அந்தக் கடனுக்குச் சமமாக இன்னொரு கடன் வந்து நிற்கும். அதைத் தாங்கவேண்டிய காகிதம் இது. அதனால் இன்று அதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உங்களிடம் இருப்பது ஒரு காகிதம் இல்லை, இரண்டு. முதலாவது ஷெட்யூல். இரண்டு மூன்று பக்கம் இருக்கும். பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், எதற்கு எத்தனை டாலர் என்ற பட்டியல் எல்லாம் அதில் உண்டு. இரண்டாவது பாலிசி வாசகம். முப்பது நாற்பது பக்கம், பொடி எழுத்து. ஷெட்யூல் எவ்வளவு தருவார்கள் என்று சொல்லும். எப்போது தருவார்கள், எப்போது தரமாட்டார்கள் என்பது வாசகத்தில்தான் இருக்கும். நாம் முதல் காகிதத்தை மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறோம்.

ஷெட்யூலில் நான்கு வகை இருக்கும். மருத்துவச் செலவு முதலாவது. பெரும்பணம் இதில்தான். ஐம்பதாயிரம் டாலர், ஒரு லட்சம், இரண்டரை லட்சம், ஐந்து லட்சம் என்று திட்டத்துக்கு ஏற்ப மாறும். அடுத்தது பயணச் சங்கடங்கள்: பெட்டி தொலைவது, தாமதமாவது, பாஸ்போர்ட் காணாமல் போவது. மூன்றாவது படிப்பு சார்ந்தவை: படிப்பு தடைபட்டால் கட்டிய கட்டணம், ஸ்பான்சருக்கு விபத்து நேர்ந்தால் மீதிக் கட்டணம், பிள்ளை நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் பெற்றோர் ஒருவர் போய்வர டிக்கெட். நான்காவது, பிறருக்கு நம்மால் ஏற்படும் நஷ்டத்துக்கான பொறுப்பு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டிடக்டிபிள் என்று ஒரு தொகை இருக்கும். அது நம் கையிலிருந்து முதலில் போகவேண்டிய பணம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியாகக் கழிப்பார்கள்.

இனி வாசகத்துக்கு வருவோம். மருத்துவ க்ளெய்ம் ஒன்று வந்தால் நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மூன்று கேள்விகள் கேட்பார். இந்த நோய் பாலிசி தொடங்குமுன்பே இருந்ததா? இந்தச் சிகிச்சை இந்தியா திரும்பும் வரை காத்திருக்குமா? எங்களுக்கு உடனே சொன்னீர்களா? இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் பாலிசியில் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகும் ஒரு மாணவி. சிறு வயதிலிருந்து வீசிங் உண்டு. காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் காட்டி, மழைக்காலத்தில் இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறாள். பாலிசி ஒரு லட்சம் டாலர், டிடக்டிபிள் நூறு டாலர்.

போய் மூன்றாம் மாதம், நள்ளிரவில் வயிற்று வலி. அறைத்தோழிகள் எமர்ஜென்சிக்கு அழைத்துப்போகிறார்கள். குடல்வால் அழற்சி, உடனே ஆபரேஷன். மொத்த பில் 28,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் முன்பே இருந்ததா? இல்லை. காத்திருக்குமா? காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. சொன்னார்களா? அட்டையில் இருந்த உதவி எண்ணுக்கு ஒரு தோழி அன்றிரவே பேசிவிட்டாள். மூன்றுக்கும் சரியான பதில் இருப்பதால் நூறு டாலர் போக 27,900 டாலர் பாலிசி ஏற்கும்.

அதே மாணவிக்குக் குளிர்காலத்தில் மூச்சுத் திணறல் வந்து ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இப்போது முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. இதுதான் 'முன்பே இருந்த நோய்' என்ற விலக்கு. 2024-ல் வந்த ஒழுங்குமுறைப்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டறிந்த நோய், அல்லது அதற்காக ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய் இந்தக் கணக்கில் வரும். அதற்கு முன்னால் இது 48 மாதமாக இருந்தது. பெரும்பாலான பயண பாலிசிகள் இந்த நோய்களுக்கு ஒன்றும் தராது, அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் ஆளை நிலைப்படுத்தும் வரை ஒரு வரம்புக்குள் மட்டும் தரும். அதன்பின் மருந்து, மறுபரிசோதனை எல்லாம் நம் செலவு. வீசிங், தைராய்டு, சர்க்கரை, வலிப்பு உள்ள பிள்ளை என்றால் பாலிசி வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: முன்பே இருந்த நோய்க்கு அவசரகாலத்தில் எத்தனை டாலர் வரை தருவீர்கள்? வாய்மொழியாக வேண்டாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் முன்மொழிவுப் படிவத்தில் நோயை எழுதாமல் விட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது மிகப் பெரிய ஆபத்து. இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2009-ல் ஒருவர் உறவினர் திருமணத்துக்காக அமெரிக்கா புறப்பட்டார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனத்தில் வெளிநாட்டு மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்திருந்தார். தனக்குச் சர்க்கரை இருப்பதை முன்னமே தெரிவித்திருந்தார். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் வியர்த்து, சோர்ந்து போனார். மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் கொழுப்புப் பிரச்சினையும் முன்பே இருந்தன, கொழுப்பு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் க்ளெய்மை மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் அவர் தோற்றார். 2021 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொண்டு, உடல்நிலையை மதிப்பிட்டு, பாலிசி கொடுத்த பிறகு, அதே நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த மாத்திரை சர்க்கரை உள்ளவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகவும் கொடுக்கப்படுவது, அதைச் சொல்லாதது பாலிசியை உடைக்கும் விஷயமல்ல என்றும் நீதிமன்றம் கருதியது.

இதில் நமக்கு இரண்டு பாடம். அவர் வென்றதற்கு அடிப்படை, சர்க்கரை இருப்பது எழுத்தில் இருந்ததுதான். அது மட்டும் இல்லாமல் இருந்தால் பேச ஒன்றுமே இருந்திருக்காது. இரண்டாவது, சொல்லாமல் விட்ட ஒரு மாத்திரையால் அவருக்குப் பன்னிரண்டு வருடம் போனது. ஆகவே படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும், நோய் பற்றிய பகுதியை நீங்களே வாசியுங்கள். பிள்ளை சாப்பிடும் எல்லா மாத்திரையையும், இன்ஹேலர் உட்பட, எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர் கேட்பார், 'எத்தனை நாளாக இருக்கிறது?' பிள்ளை பதற்றத்தில், 'எனக்கு அடிக்கடி வயிறு வலிக்கும்' என்று சொல்லிவிடும். அது பள்ளிக்கூடத்தில் சாப்பிடாமல் போனபோது வந்த வலியாக இருக்கும். ஆனால் கேஸ் ஷீட்டில் 'பல வருடமாக வலி' என்று ஏறிவிடும். க்ளெய்ம் அதிகாரி முதலில் படிப்பது அந்த வரியைத்தான். பொய் சொல்லச் சொல்லவில்லை. இன்றைய வலி எப்போது தொடங்கியது என்பதை நாள், நேரத்தோடு சரியாகச் சொல்லப் பழக்குங்கள். தவறாகப் பதிவாகியிருந்தால் டிஸ்சார்ஜ் ஆகுமுன் அந்த டாக்டரிடமே சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு திருத்துவது கஷ்டம்.

இரண்டாவது கேள்வி, காத்திருக்குமா என்பது. பயண பாலிசி ஒரு முழு மருத்துவ இன்சூரன்ஸ் அல்ல. அவசரத்துக்கு மட்டும். திடீர்ப் பல்வலிக்கு ஒரு சிறு தொகை வரை தருவார்கள். அதே பல்லுக்கு ரூட் கெனால் முடித்து, மேலே கேப் போடுவதற்குத் தரமாட்டார்கள். கண் பரிசோதனை, கண்ணாடி, வழக்கமான செக்அப், முழங்காலில் பழைய ஜவ்வுக் கிழிசலுக்கு ஆபரேஷன் போன்றவை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற வகை. இன்னொரு நிபந்தனையையும் பாருங்கள். நோயாளி பயணம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார், மேற்கொண்டு சிகிச்சையை இந்தியாவில் தொடரலாம் என்று மருத்துவக் குழு சொன்னால், நிறுவனம் திருப்பி அழைத்துவரலாம். 'செமஸ்டர் போய்விடும், நான் இங்கேயே இருக்கிறேன்' என்று மறுத்தால் அதன் பிறகான செலவுக்கு அவர்கள் பொறுப்பல்ல. அதனால் பிள்ளை புறப்படுமுன் பல், கண் இரண்டையும் இங்கேயே பார்த்து முடித்துவிடுவது லாபம்.

மூன்றாவது கேள்வி, சொன்னீர்களா என்பது. பாலிசியில் ஒரு உதவி மைய எண் இருக்கும், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் சேருமுன் பேச வேண்டும். பேச முடியாத அவசரம் என்றால் சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் என்று பல பாலிசிகள் சொல்கின்றன. பிள்ளையே பேச வேண்டியதில்லை. அறைத்தோழரோ, தேவகோட்டையில் இருந்து நீங்களோ பேசலாம். பேசினால் ஒரு க்ளெய்ம் எண் தருவார்கள். ஆஸ்பத்திரிக்கு அவர்களே உத்தரவாதக் கடிதம் அனுப்பினால் பணம் நேராகப் போய்விடும். இல்லையென்றால் நாம் கட்டி, பிறகு ரூபாயில் திரும்பப் பெற வேண்டும். இருபத்தெட்டாயிரம் டாலரை முதலில் கட்டுவது நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? அந்த ஒரு போன் அழைப்பின் மதிப்பு அதுதான்.

பிறகு காகிதங்கள். நோய் என்ன, எப்போது தொடங்கியது என்று சிகிச்சை செய்த டாக்டர் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை, டிஸ்சார்ஜ் சுருக்கம், ஒவ்வொரு செலவும் தனித்தனியாகக் காட்டிய பில், கட்டியதற்கு ரசீது, பாஸ்போர்ட்டில் பயண முத்திரைப் பக்கங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் செல்லாது. அமெரிக்காவில் மருத்துவக் குறிப்புகளை வெளியே தர நோயாளி ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தை அங்கேயே முடித்துவிடவேண்டும். அங்கே ஆஸ்பத்திரி, டாக்டர், லேப், ஆம்புலன்ஸ் தனித்தனியாக, இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூட பில் அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் அதே க்ளெய்ம் எண்ணில் அனுப்புங்கள். ஒரு பில்லைப் பார்க்காமல் விட்டால் அது வசூல் ஏஜென்சிக்குப் போய்விடும்.

பெட்டிக்கும் இதே விதிதான். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன், விமான நிறுவனக் கவுண்டரில் எழுத்துப்பூர்வப் புகார் அறிக்கை வாங்க வேண்டும். அது இல்லாமல் க்ளெய்ம் இல்லை. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸில் உடனே புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும்.

மூன்று கேள்விக்கும் சரியான பதில் இருந்தும் பணம் வராத இடங்கள் உண்டு. அவைதான் பொது விலக்குகள். குடித்திருந்தபோது நேர்ந்த விபத்து, போதைப்பொருள், லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது, சட்டவிரோதச் செயல், பிரசவம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, தொழில்முறை விளையாட்டும் சாகச விளையாட்டும். நம் பிள்ளைகள் வார இறுதியில் பனிச்சறுக்குக்குப் போவார்கள், அதைச் சாகசம் என்று வாசகம் எண்ணுகிறதா என்று பாருங்கள். சில பாலிசிகள் உடலுழைப்பு வேலையில் நேரும் காயத்தையும் விலக்கும். கிடங்கில் பகுதிநேர வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம். மனநலச் சிகிச்சை பல பாலிசிகளில் இல்லை, சில மாணவர் திட்டங்களில் சேர்த்திருக்கிறார்கள். முதல் வருடத் தனிமையில் பிள்ளைகளுக்கு இது தேவைப்படலாம். கேட்டு வாங்குங்கள்.

போரும் ஒரு விலக்கு. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் வெடித்தபோது, அங்கே மருத்துவம் படித்த நம் தமிழ்நாட்டு மாணவர்களை 'ஆபரேஷன் கங்கா' என்று அரசு விமானம் அனுப்பித்தான் அழைத்து வந்தது. போரால் வரும் காயத்துக்கோ நஷ்டத்துக்கோ சாதாரணப் பயண பாலிசி பொறுப்பேற்காது.

ஸ்பான்சர் பாதுகாப்பு என்ற வரியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 'படிக்க வைப்பவர் இறந்தால் மீதிக் கட்டணத்தை இன்சூரன்ஸ் கட்டும்' என்றுதான் விற்பவர்கள் சொல்வார்கள். வாசகத்தில் 'விபத்தினால்' என்ற சொல் இருக்கும். மாரடைப்பில் போனால் பெரும்பாலும் இது பொருந்தாது. அதோடு ஷெட்யூலில் யார் பெயர் ஸ்பான்சர் என்று இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். நம் பக்கத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, உண்மையில் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா கட்டணம் கட்டுவது வழக்கம். அப்படியானால் சித்தப்பா பெயர்தான் அங்கே இருக்கவேண்டும்.

அடுத்து, காலம். இந்தியாவை விட்டுக் கிளம்புமுன் பாலிசி எடுக்க வேண்டும். போன பிறகு பெரும்பாலும் எடுக்க முடியாது. ஒரு வருட பாலிசியை நீட்டிக்க, முடிவதற்குள் கேட்க வேண்டும். முடிந்த மறுநாள் கேட்டால் அது புதுப் பாலிசி. முதல் வருடத்தில் வந்த நோய் அதில் 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். இரண்டு வருடப் படிப்பு என்றால், முடிந்தால் முழுக் காலத்துக்கும் ஒரே பாலிசியாக வாங்கிவிடுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இந்த பாலிசி இங்கே மருத்துவச் செலவுக்கு உதவாது. வீட்டு மெடிக்ளெய்மில் இருந்து பிள்ளை பெயரை எடுத்துவிடாதீர்கள்.

'அந்த நாட்டில்தான் கட்டாய இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்கே அவர்களுடைய மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனில் விசாவோடு மருத்துவக் கட்டணம் வாங்குகிறார்கள், 2024 முதல் மாணவருக்கு வருடம் 776 பவுண்டு. ஜெர்மனியில் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யவே மருத்துவக் காப்பீட்டுச் சான்று வேண்டும். அங்கெல்லாம் நம் பாலிசி, போய்ச் சேர்ந்து அந்தக் காப்பீடு தொடங்கும் வரையுள்ள இடைவெளிக்கும், பெட்டி, பாஸ்போர்ட், படிப்புக் கட்டணம், ஸ்பான்சர் போன்றவற்றுக்கும்தான் பயன்படும். பெரிய மருத்துவத் தொகைக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் திட்டத்தைத்தான் எடுக்கச் சொல்லும். நம் பாலிசியை ஏற்பார்களா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டபிறகு வாங்குங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுத்துவிட்டால்? முதலில், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான். 50 லட்சம் ரூபாய் வரையிலான க்ளெய்மை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். அங்கேயும் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் படிவத்தின் நகலும், உதவி மையத்துக்குப் பேசிய தேதியும்தான்.

கூட்டம் முடிந்ததும் பாலிசி வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். விலக்குகள் பக்கத்தையும் க்ளெய்ம் நிபந்தனைப் பக்கத்தையும் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம். உதவி மைய எண்ணைப் பிள்ளையின் போனில் மட்டுமல்ல, அறைத்தோழர் போனிலும் உங்கள் போனிலும் ஏற்றிவிட்டுத்தான் பெட்டியைக் கட்டவேண்டும்.